குனிந்தபடி சொன்னது

அத்தியாயம் 14

சந்திரிகா அந்த விஷயத்தைச் சொல்லி இன்றோடு ஐம்பத்திரண்டு நாள். சொன்னது புஷ்பத்திடம். அன்றிலிருந்து புஷ்பம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

மற்றதெல்லாம் பேசுகிறாள். மழை பேசுகிறாள், மண்டபத்து மோட்டார் ரிப்பேர் பேசுகிறாள், ரேஷன் கடையில் பருப்பு வராததைப் பேசுகிறாள். அந்த ஒன்றை மட்டும் தொடுவதில்லை.

பெரும்பாக்கத்திலிருந்து கிளம்பிய முதல் பஸ்ஸில், ஜன்னல் ஓரத்து சீட்டில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள் சந்திரிகா. நேராக உட்கார்ந்தால் முடியாது. கீழே பந்து மாதிரி ஒன்று வந்து தட்டும். கர்ப்பப்பை கீழே இறங்கியிருந்தது. அவள் சொன்ன விஷயமே அதுதான்.

இருவரும் கல்யாண சமையலுக்குக் காய் நறுக்குகிறவர்கள். பதினெட்டு வருடமாக ஜோடி. ஒரு காலத்தில் மயிலாப்பூர் கால்வாய் ஓரத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குடியிருந்தார்கள். பிறகு சந்திரிகா இருந்த வரிசையை அரசாங்கத்தார் இடித்து, அவளைப் பெரும்பாக்கத்தில் எட்டாவது மாடியில் கொண்டுபோய் வைத்தார்கள். புஷ்பத்தின் வரிசை தப்பியது. அவள் இன்றும் அந்தக் கால்வாய் ஓரத்தில்தான் இருக்கிறாள். சந்திரிகாவின் புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். மிச்சம் ஒரே மகள், நிலா. அந்த நிலாவும் புஷ்பத்தின் மகன் செந்தில்குமாரும் ஒருவரை ஒருவர் விரும்பி, போன வருடம் கல்யாணம் செய்துகொண்டார்கள். தோழிகள் சம்பந்திகள் ஆனார்கள். நிலாவுக்கு இப்போது ஐந்து மாதம்.

திங்கட்கிழமை சந்திரிகா ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். இன்று வியாழன். கூட ஒரு பெண் துணை வராமல் வார்டில் சேர்க்க மாட்டோம் என்று நர்ஸ் தெளிவாகச் சொல்லிவிட்டாள். பதினெட்டு வருடத்தில் அப்படிக் கூப்பிட சந்திரிகாவுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருந்தது. அந்தப் பெயரைக் கூப்பிட இப்போது வாய் வரவில்லை.

பக்கத்து வீட்டுக்காரியைக் கூட்டிப் போகலாம். ஆள் கிடைக்காமல் போகாது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும். புஷ்பம் ஏன் வாயை மூடிக்கொண்டாள்?

அவள் இதைக் கோபத்தோடு மட்டும் யோசிக்கவில்லை. கோபம் முதல் பதினைந்து நாளிலேயே பாதி கரைந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஒரு அரிப்பு. பல்லிடுக்கில் கீரைத் தண்டு மாட்டிக்கொண்டால் நாக்கு சும்மா இருக்காதே, அந்த மாதிரி.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை நூறு முறை ஓட்டிப் பார்த்துவிட்டாள். அது சேனைக்கிழங்கு நாள். எதிரெதிரே தரையில் அரிவாள்மனை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஈரச் சாக்கு. சந்திரிகா தோல் சீவிப் பெரிய துண்டாகப் போடுவாள், புஷ்பம் அதைப் பொடியாக்குவாள். ஜோடி என்றால் அப்படித்தான். ஒருத்தி கை நின்றால் இன்னொருத்தி கையும் நின்றுவிடும்.

காய் நறுக்குகிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. எவ்வளவு பேசினாலும் தலையைத் தூக்க மாட்டார்கள். தூக்கினால் விரல் போய்விடும். ஊர்க் கதை, புருஷன் கதை, சண்டை, சமாதானம் எல்லாம் அருவாளைப் பார்த்தபடியேதான். அதனால்தான் சந்திரிகா அங்கே சொன்னாள். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்தது. குனிந்தபடி சொல்லிவிடலாம் என்று நினைத்தாள்.

"புஷ்பம், எனக்கு அடி எறங்கிடுச்சு. ஆறு மாசமா கீது. தும்முனா பாவாட நனைஞ்சிடுது. துணி வெச்சிக்கினுதான் வேலைக்கு வரேன். ஆபரேஷன்னு சொல்றாங்க. எனக்கு பயமா கீது."

சிறிது நேரம் கழித்து, "நிலாகிட்ட சொல்லாத," என்றும் சேர்த்தாள்.

எதிரில் அருவாள் சத்தம் நின்றது. சந்திரிகா காத்திருந்தாள். சத்தம் மறுபடி தொடங்கியது.

"அந்தத் தட்ட இப்டி தள்ளு," என்றாள் புஷ்பம்.

அவ்வளவுதான். அடுத்த கல்யாணத்தில் புஷ்பம் முட்டி வலிக்கிறது என்று மேஸ்திரியிடம் சொல்லி, ஸ்டூல் போட்டுத் தேங்காய் துருவும் பக்கம் போய்விட்டாள்.

முதலில் சந்திரிகா, அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று நினைத்தாள். பக்கத்தில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்ததா? இல்லை. அன்று மாவு முந்தின நாளே ஆட்டியாகிவிட்டது. தவிர, கேட்காதவள் ஏன் அருவாளை நிறுத்த வேண்டும்?

அப்புறம் அருவருப்போ என்று பயந்தாள். பத்துப் பேர் வாயில் போடுகிற காயைத் தொடுகிறவள், கீழே ஈரத் துணியோடு உட்கார்ந்திருக்கிறாளே என்று நினைத்திருப்பாளோ? அதைச் சோதித்துப் பார்த்தாள். ஒரு நாள் எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு போய், தான் பாதி சாப்பிட்ட டப்பாவை அப்படியே நீட்டினாள். புஷ்பம் அதிலேயே கை விட்டு இரண்டு உருண்டை தின்றாள். உப்பு கம்மி என்றும் சொன்னாள்.

ஆக அருவருப்பும் இல்லை. அப்புறம் என்ன?

இன்னொன்றையும் கவனித்திருந்தாள். அதுவரை 'சந்திரா' என்று கூப்பிட்டவள், அந்த நாளுக்குப் பிறகு நாலு பேர் இருக்கிற இடத்தில் 'சம்பந்தியம்மா' என்கிறாள்.

பஸ் அடையாறு பாலம் ஏறியது. ஆற்றில் தண்ணீர் கருப்பாகக் கிடந்தது. திங்கட்கிழமைக்குள் கேட்டுவிட வேண்டும் என்று சந்திரிகா முடிவு கட்டினாள். எப்படிக் கேட்பது என்றுதான் அவளுக்குத் தெரியவில்லை. அவள் பிறந்து வளர்ந்த இடத்தில் யாரும் யாரிடமும், நீ இப்படிச் செய்தது எனக்கு வலித்தது என்று சொன்னது கிடையாது. ஒன்று குழாயடியில் மானத்தை வாங்குவார்கள். இல்லையென்றால் பேச்சை நிறுத்திவிடுவார்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறதா என்று யாரும் தேடிப் பார்த்ததில்லை.

*

அன்று அய்யர் வீட்டுக் கல்யாணம். சாயங்காலம் ஜானவாசம் என்கிற மாப்பிள்ளை ஊர்வலம், மறுநாள் முகூர்த்தம். சமையலில் வெங்காயம் பூண்டு கிடையாது. கண்ணில் தண்ணீர் வந்தால் அதன்மேல் பழி போடவும் வழியில்லை என்று நினைத்தபடி சந்திரிகா வாழைப்பூக் குவியலுக்கு முன்னால் உட்கார்ந்தாள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டாள். இல்லாவிட்டால் கறை ஒரு வாரம் போகாது.

மேஸ்திரி சுலோச்சனாவுக்கு ஐம்பது வயது, பத்து நறுக்குக்காரிகளை மேய்க்கிறவள். ஆள் பத்தவில்லை, பூ நிறைய இருக்கிறது என்று புஷ்பத்தைத் தேங்காய்ப் பக்கத்திலிருந்து கிளப்பிக்கொண்டு வந்து சந்திரிகாவுக்கு எதிரில் உட்கார வைத்தாள். முட்டி வலி என்று புஷ்பம் முனகினாள். வலித்தால் காலை நீட்டிக்கொள் என்று சுலோச்சனா போய்விட்டாள்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகி இருவரும் எதிரெதிரே.

சந்திரிகா மடல் உரித்துப் பூவைப் பிரித்தாள். புஷ்பம் ஒவ்வொரு பூவிலும் நரம்பை உருவிப் போட்டாள். கை பழைய கை, தாளம் தப்பவில்லை. நெஞ்சுக்குள் மட்டும் சந்திரிகாவுக்கு வாழைப்பூ மாதிரி மடல் மேல் மடலாக ஏதோ அடைத்துக்கொண்டு கிடந்தது. பேசலாம் என்று நினைத்து வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

"சில பேருக்கு நல்லா கொடுத்து வெச்சிருக்கு. நம்ம இன்னா சொன்னாலும் காதுல விழாது."

பக்கத்து ஜோடி களுக்கென்று சிரித்தது.

"யார சொல்றீங்க சம்பந்தியம்மா?" என்றாள் புஷ்பம், தலை தூக்காமல்.

"யாருக்கு ஒறைக்குதோ அவங்கள."

"எனக்கு ஒறைக்கல. என் வாயிக்கு வேலை குடுத்தா கை நிக்கும். மேஸ்திரி வந்து என்னத்தான் கேக்கும்."

அந்தப் பக்கம் இருந்தவள், சம்பந்திச் சண்டை சீர் இல்லாமலா என்று எடுத்துக் கொடுத்தாள். இன்னொருத்தி, சந்திரிகா பொண்ணுக்கு வளைகாப்பு பெரிசா கேட்டிருப்பா என்றாள். ஐந்து நிமிடத்தில் சந்திரிகாவின் வலி சமையல்கட்டு முழுக்க வளைகாப்புச் சண்டையாகிவிட்டது. கல்யாண வீட்டு மாமி ஒருத்தி எட்டிப் பார்த்து, "வாழைப்பூ இன்னும் ஆகலையா? நாழி ஆயிண்டே இருக்கே," என்று சொல்லிவிட்டுப் போனாள். எல்லோரும் குனிந்தார்கள்.

சந்திரிகாவுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. குத்தினால் எதிராளி குத்தத்தான் செய்வாள். கேட்க வந்தது ஒன்று, எறிந்தது ஒன்று. அதைவிட முக்கியமான தப்பு வேறு. ஐம்பத்திரண்டு நாளுக்கு முன்னால் செய்த அதே தப்பு. கையில் அருவாளும் கீழே பார்வையுமாக ஒருத்தியிடம் மனசைத் திறந்தால், அவள் முகத்தில் என்ன வந்தது, என்ன போனது என்று எப்படித் தெரியும்? அன்று அருவாள் நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் புஷ்பத்தின் முகம் எப்படி இருந்தது? அதை அவள் பார்க்கவே இல்லையே.

இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை?

மடலை உரித்துக்கொண்டே ஒவ்வொன்றாக யோசித்தாள். நாலு பேர் நடுவில் வேண்டாம். கையில் வேலை இருக்கும்போது வேண்டாம். போனில் சுத்தமாக வேண்டாம். புஷ்பத்தின் வீட்டுப் போனைப் பாதி நேரம் நிலாதான் எடுக்கிறாள். திட்ட வேண்டாம். அன்று நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். தனக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். அதோடு நிறுத்திவிட்டு, அவளுக்கு என்ன ஆனது என்று கேட்க வேண்டும். கேட்டுவிட்டு வாயை மூட வேண்டும். இதுதான் கடைசி, இதுதான் ரொம்பக் கஷ்டம்.

*

மதியம் இரண்டு மணிக்கு வேலை ஓய்ந்தது. டிபன் வேலை நாலு மணிக்குத்தான். சாப்பிட்டவர்கள் பாத்திரம் கழுவும் இடத்து நிழலில் துண்டை விரித்துப் படுத்தார்கள்.

சந்திரிகா புஷ்பத்தின் பக்கத்தில் போய் நின்றாள். "மேல டைனிங் ஹாலுக்கு வரியா? ஒரு கால் மணி நேரம். உன்கிட்ட ஒண்ணு பேசணும். காலைல குத்தலா பேசுனது தப்பு. அது இல்ல இது."

புஷ்பம் ஏதோ சாக்குச் சொல்ல வந்தாள். சந்திரிகாவின் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள்.

மாடியில் மேசைகளை வரிசையாகப் போட்டு இலைக்கு அடியில் விரிக்கும் காகித உருளைகளை அடுக்கி வைத்திருந்தார்கள். விசிறிகள் ஓடவில்லை. சந்திரிகா இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து எதிரெதிரே போட்டாள். இந்த மண்டபத்து நாற்காலியில் இருவரும் உட்கார்ந்ததே கிடையாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். புஷ்பம் அந்தச் சாய்வைப் பார்த்தாள், பார்க்காதது மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"சேனைக்கிழங்கு நறுக்குன அன்னிக்கு, எனக்கு அடி எறங்கிடுச்சுன்னு உன்கிட்ட சொன்னேன்," என்றாள் சந்திரிகா. "பயமா கீதுன்னும் சொன்னேன். நீ தட்ட தள்ளச் சொன்ன. அதுக்கப்புறம் அதப் பத்தி ஒண்ணும் கேக்கல. எடத்த மாத்திக்கினு போயிட்ட. எனக்கு ரொம்ப வலிச்சிது புஷ்பம். அந்த வியாதிய வேற யார்கிட்டயும் நான் சொல்லல. சொன்ன ஒரே ஆளு நீ. நீ பேசாம போனதும் சீ, ஏன்டா சொன்னோம்னு ஆயிடுச்சு. அசிங்கமா பூட்ச்சு."

சொல்லி முடித்தாள். இத்தனை சின்னதாகவா இருந்தது? ஐம்பத்திரண்டு நாள் தலைக்குள் ஒரு அண்டா அளவுக்குக் கொதித்த விஷயம், வெளியே வந்தால் ஒரு டம்ளர்.

புஷ்பத்தின் கழுத்து விறைத்தது. "நான் இன்னா பண்ணேன்? டெய்லி பேசிக்கினுதான கீறோம். நீதான் யார்கிட்டயும் சொல்லாதன்ன. நான் வாய மூடிக்கினேன். அது தப்பா?"

"நிலாகிட்ட சொல்லாதன்னேன். என்கிட்ட பேசாதன்னு சொல்லல."

"வீட்ல அவ கீறா. போன எடுத்தா பக்கத்துல அவ. எப்டி பேசுவேன்?"

"எதிர்ல உக்காந்துனு இருந்தியே. அங்க நிலா இல்லியே."

சந்திரிகாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது: உனக்கு ஒண்ணுன்னா நான் எப்படி ஓடி வந்தேன், உன் புருஷன் காலை உடைத்துக்கொண்டபோது பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் யார் கிடந்தது என்று எல்லாம். விழுங்கினாள். அதைச் சொன்னால் பேச்சு அந்தப் பதினோரு நாளுக்குப் போய்விடும். அவளுக்குத் தெரிய வேண்டியது அது இல்லை.

"நீ கெட்டவன்னு சொல்ல வரல," என்றாள். "கெட்டவளா இருந்தா என் எச்சி டப்பாவுல கை வெச்சித் தின்னுருக்க மாட்ட. நெசமா எனக்குத் தெரிஞ்சிக்கணும். அன்னிக்கு உன் கை நின்னுச்சு. அப்போ உன் மனசுல இன்னா ஓடிச்சு? எதுவா இருந்தாலும் சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கீழே யாரோ பித்தளை அண்டாவை உருட்டிக்கொண்டு போனார்கள். பேச்சு நின்ற இடத்தில் எதையாவது போட்டு நிரப்ப வேண்டும் என்று நாக்கு துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு புஷ்பத்தின் முகத்தையே பார்த்தாள். பதினெட்டு வருடத்தில் இவ்வளவு நேரம் அந்த முகத்தை அவள் பார்த்ததில்லை. இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது. இது எப்போது வந்தது?

"சொன்னா நீ என்ன வுட்டுட்டுப் பூடுவ," என்றாள் புஷ்பம்.

"சொல்லாததுக்குதான் பாதி போயிட்டேன்."

புஷ்பம் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பிறகு மெதுவாகப் பேசினாள். சந்திரிகா சொன்னவுடன் மனசில் முதலில் வந்தது பாவம் என்பது இல்லை, நிலா என்பதுதான். ஆபரேஷன் என்றால் மூன்று மாதம் வெயிட் தூக்கக்கூடாது. எட்டாவது மாடி, லிஃப்ட் பாதி நாள் ஓடாது. நிலா அம்மாவைப் பார்க்கப் பெரும்பாக்கம் போய்விடுவாள். வயிற்றுப் பிள்ளைக்காரி தண்ணீர்க் குடம் தூக்குவாள். இல்லை, செந்திலும் அவள் பின்னாலேயே போய்விடுவான். தன் வீடு காலியாகிவிடும்.

"உனக்கு ஒடம்பு முடியலன்னு நீ சொல்ற. எனக்கு என் வூட்டு சோறு யார் ஆக்குவான்னு ஓடுது. அப்டி நெனச்சேன் சந்திரா. நெனச்ச ஒடனே எனக்கே என் மூஞ்சில துப்பணும்போல ஆச்சு. அந்த நேரத்துல வாய தொறந்தா அது வெளிய வந்துடும்னு பயந்தேன். அதான் தட்டக் கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நாளைக்கு கேக்கலாம்னு வுட்டேன். மறுநாள் கேட்டா, நேத்து ஏன் கேக்கலன்னு கேப்ப. ஒரு வாரம் ஆச்சு. இன்னும் கஷ்டமா பூட்ச்சு. உன் மூஞ்சிய பாத்தாலே குத்துது. தேங்கா பக்கம் ஓடிட்டேன். எதிர்ல தோழியா உக்காந்து சம்பந்தியா யோசிச்சேன். அதான் சம்பந்தின்னே கூப்ட்டேன் போல."

சந்திரிகா கேட்டுக்கொண்டிருந்தாள். வலிக்கத்தான் செய்தது. ஆனால் அது வேறு வலி. தான் அசிங்கம் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாளே, அந்தப் பாரம் இறங்கிய இடத்தில், இவளும் பயந்துதான் செத்திருக்கிறாள் என்கிற ஒரு ஆச்சரியம் வந்து உட்கார்ந்தது. அந்த மௌனத்துக்கு உள்ளே என்னவெல்லாமோ இருக்கும் என்று தோண்டினாள். உள்ளே இருந்தது ஒரு சோற்றுப் பானையும் ஒரு பயந்த பொம்பளையும்தான்.

"நான் அன்னிக்கு உன்கிட்ட எந்த உதவியும் கேக்கல," என்றாள். "வைத்தியம் சொல்லணும்னும் இல்ல. வலிக்குதாடின்னு ஒரு வார்த்த. அவ்ளோதான் வேண்டியிருந்துச்சு. ஒண்ணும் தோணலன்னா, எனக்கு இன்னா சொல்றதுன்னு தெரியலன்னே சொல்லியிருக்கலாம். அதுவும் பேச்சுதான்."

"அது தோணல."

"எனக்கும் முகத்த பாத்து சொல்லத் தோணல. காய்ல கீற பூச்சிய பத்தி சொல்ற மாதிரி கீழ பாத்துக்கினு சொன்னேன்."

புஷ்பம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். முட்டியும் முட்டியும் இடித்துக்கொண்டன.

"இப்ப கேக்கலாமா?" என்றாள். "லேட்டுதான்."

"கேளு."

"வலிக்குதா சந்திரா?"

சந்திரிகா தலையை மட்டும் ஆட்டினாள். அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். காலையில் கொஞ்சம் பரவாயில்லை, சாயங்காலம் ஆனால் கீழே இழுக்கிறது என்றாள். டாக்டரம்மா முதலில் கீழே இறங்காமல் தாங்க உள்ளே ஒரு வளையம் வைத்துப் பார்த்ததையும் அது நிற்காமல் நழுவிவிட்டதையும், அதனால் கர்ப்பப்பையை எடுத்துவிட்டு உள்ளே தளர்ந்ததைத் தைத்துவிடலாம் என்று சொன்னதையும் சொன்னாள். இருபது வருடம் அண்டா தூக்கியவர்களில் பாதிப் பேருக்கு இது இருக்கும், யாரும் வாயைத் திறப்பதில்லை என்று அந்த டாக்டரம்மா சொன்னாராம். புஷ்பம் ஒவ்வொன்றையும் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டாள். மயக்க மருந்து முதுகிலா, எத்தனை நாள் படுக்கை, துணி எத்தனை எடுத்துப் போக வேண்டும் என்று.

"திங்கக்கெழம சேரணும். கூட ஒரு பொம்பள ஆளு வேணுமாம்," என்றாள் சந்திரிகா. "முடியலன்னா முடியலன்னு சொல்லு. பேசாம மட்டும் இருக்காத."

"நான் வரேன்," என்றாள் புஷ்பம். உடனே எழுந்துவிடவில்லை. விரலில் ஒட்டியிருந்த வாழைப்பூக் கறையை நகத்தால் சுரண்டினாள். "ஆனா நிலாகிட்ட நீ சொல்லணும். அவளுக்குத் தெரியாம அவ மாமியா உன்கூட ஆஸ்பத்திரில கெடக்க முடியாது."

சந்திரிகா, அவள் வயிற்றுப் பிள்ளைக்காரி, பிரசவம் ஆகட்டும் என்று இழுத்தாள்.

"இல்ல சந்திரா. இன்னொண்ணு கீது." புஷ்பம் சுரண்டுவதை நிறுத்தினாள். "என்னால தாங்க முடியல. போன வாரம் செந்திலுகிட்ட சொல்லிட்டேன்."

மேசைமேல் இருந்த காகித உருளை ஒன்று காற்றில் கொஞ்சம் பிரிந்து ஆடியது.

என்னிடம் பேசாத வாய் மகனிடம் பேசியிருக்கிறது. சந்திரிகாவுக்கு அதுதான் முதலில் உறைத்தது. கர்ப்பப்பை, பாவாடை, துணி எல்லாம் மருமகன் காதில். இனி அந்தப் பையன் முகத்தில் எப்படி விழிப்பது? எழுந்து போய்விட வேண்டும் போல இருந்தது. கீழே இறங்கி, வேலையை முடித்து, பஸ் ஏறி, எட்டாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டு, இன்னொரு ஐம்பத்திரண்டு நாள் இவளிடம் பேசாமல் இருந்துவிடலாம். அது அவளுக்குப் பழக்கமான வழி.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இது அதவிட வலிக்குது புஷ்பம். மனசுல வெச்சிக்கினு இருந்து அப்புறம் சொல்ல மாட்டேன். இப்பவே சொல்றேன். நீ பண்ணது தப்பு. அது என் ஒடம்பு. யார்கிட்ட சொல்லணும்னு நான்தான் முடிவு பண்ணணும்."

புஷ்பம் கீழே பார்க்கவில்லை. "தப்புதான்," என்றாள். "முட்டி வலின்னெல்லாம் சொல்ல மாட்டேன். தப்பு."

"அவன் நிலாகிட்ட சொல்லிட்டானா?"

"சொல்லலன்னுதான் சொன்னான். ஆனா இன்னிக்கு காலைல அவ ஒண்ணும் சாப்டல. என்கிட்ட ஒரு வார்த்த பேசல."

சந்திரிகா எழுந்தாள். முழுசாக நிமிர ஒரு நிமிடம் பிடித்தது. புஷ்பம் கை கொடுத்தாள். சந்திரிகா கொஞ்சம் யோசித்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். கோபம் போகவில்லை. கோபத்தோடேயே பிடித்துக்கொள்ள முடிகிறதே என்பது அவளுக்குப் புதிதாக இருந்தது.

படி இறங்கி வந்தபோது சுலோச்சனா எதிரே வந்தாள். உங்களைத்தான் தேடுகிறேன், பின்வாசலில் பொண்ணு வந்து அரை மணியாக நிற்கிறது, உள்ளே வா என்றாலும் வரவில்லை என்றாள்.

விறகு அடுக்கியிருந்த பின்வாசலில், வெயிலில், நிலா நின்றிருந்தாள். வயிற்றுக்கு மேல் கை. வெறும் கால். செருப்பு எங்கே என்று கேட்க வந்த சந்திரிகா கேட்கவில்லை.

நிலா அம்மாவைப் பார்த்தாள். அப்புறம் மாமியாரைப் பார்த்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"உனக்கு இன்னாமா ஒடம்புக்கு?" என்றாள். "ரெண்டு பேர்ல யாரு சொல்லப்போறீங்க?"

புஷ்பம் வாயைத் திறந்து மூடினாள். சந்திரிகாவும் பேசவில்லை. எதிரில் நிற்கிறவள் முகத்தில் ஒவ்வொரு நொடியாக ஏதோ இறங்கிக்கொண்டே போனது. அது என்னவென்று சந்திரிகாவுக்கு நன்றாகத் தெரியும்; ஐம்பத்திரண்டு நாள் அவளே சுமந்தது அது.

"நான் சொல்றேன்," என்றாள். "இப்டி நெழலுக்கு வா. வந்து என் எதிர்ல உக்காரு."

நிலா வெயிலிலேயே நின்றாள்.

"எனக்கு முன்னாடி எத்தன பேருக்கு தெரியும்? மொதல்ல அத சொல்லு," என்றாள்.